பின்வாசல் பக்கத்தின் புது முகவரி

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அது சம்பளப் பட்டியலிலும் அடையாள அட்டையிலும் மட்டும் குடியிருந்தது. மற்றபடி ஊர் முழுக்க அவள் பின்வாசல் அக்கா.

மருந்து மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறாள். சின்ன வயதிலேயே இடுப்புக்குக் கீழே வலுவில்லாமல் போய்விட்டதால் சக்கர நாற்காலியில்தான் எல்லாம். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி, "எல்லாரும் உக்கார நாற்காலி கேப்பாங்க, கையோட கொண்டு வந்த ஒரே ஆள் நீதாம்மா" என்றார். அதே ஜோக்கை இன்றுவரை புதுசாகச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளும் புதுசாகக் கேட்பதுபோல் சிரித்துவைக்கிறாள். வேலை நிலைக்க வேண்டுமல்லவா.

பட்டப்பெயர் ஒரு இணையதளத்தால் வந்தது. ஊரில் எந்தக் கட்டடத்துக்குள் சக்கர நாற்காலி போகும், எதற்குள் போகாது என்று சொல்லும் தளம். அதை அவளும் படக்காரனும் சேர்ந்து தொடங்கினார்கள். படக்காரன் கேமராவும் கணினியும் தெரிந்தவன், அவளைவிடச் சின்னவன், அக்கா அக்கா என்று காலைச் சுற்றி வந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நாற்காலியைத் தள்ளுவான், இவள் மடியில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு போவாள். வங்கி, ஆஸ்பத்திரி, நீதிமன்றம், சினிமா தியேட்டர் என்று ஒன்றையும் விடவில்லை. அவன் வாசலைப் படம் எடுப்பான். இவள் சரிவுப் பாதையின் நீளத்தையும் உயரத்தையும் அளப்பாள். ஓரடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சரிவு வேண்டும். பல இடங்களில் கொத்தனார் மிச்சச் சிமெண்டைக் கொட்டிவிட்டுப் போனதையே சரிவுப் பாதை என்று பெயர் சூட்டி, பக்கத்தில் நீலப் பலகை மாட்டியிருந்தார்கள்.

அப்படிப்பட்ட கட்டடங்களுக்காகவே தளத்தில் அவள் தனியாக ஒரு பக்கம் எழுதினாள். அதுதான் பின்வாசல் பக்கம். முன்னால் ஏற முடியாத கட்டடத்துக்குள் பின்னால் எப்படிப் போவது? சரக்கு லிஃப்ட் எந்த மூலையில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கும், எந்தக் காவலாளி முகம் கோணாமல் திறந்துவிடுவார், எவரிடம் கொஞ்சம் அதட்டிப் பேச வேண்டும் என்று எல்லாமே அதில் இருக்கும். மற்ற பக்கங்களைப் படித்தவர்கள் பாராட்டினார்கள். இந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் உள்ளே போனார்கள். வாசகர்கள் அதைத்தான் புக்மார்க் செய்து வைத்துக்கொண்டார்கள்.

சந்தேகம் வந்தால் அவளுக்கே போன் போடுகிறவர்களும் உண்டு. அதில் முதலிடம் தையல்காரருக்கு. சர்க்கரை நோயில் ஒரு கால் போனதிலிருந்து அவர் நாற்காலிக்கு வந்தவர். பக்கத்தில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நான் படிச்சது சரிதானாம்மா?" என்று ஒருமுறை கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

சில மாதங்களாகப் படக்காரன் பிடிகொடுக்கவில்லை. நகராட்சியில் இணைய வேலை ஏதோ கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தான். ஞாயிறுகளில் வரவில்லை. வேலை கிடைத்த பிள்ளை, ஓடட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் பேரேட்டில் யாரையும் நம்பமாட்டாள், ஒவ்வொரு வரியையும் இரண்டுமுறை சரிபார்ப்பாள். இவன் விஷயத்தில் மட்டும் ஒருமுறைகூடச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

அன்று காலை கடையில் பில்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது டியூஷன் டீச்சரின் போன் வந்தது. பிறவியிலேயே கால் வராத பெண். வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் அரசுப் பள்ளியில் வேலை கூடிவந்திருந்தது. மதியத்துக்குள் கல்வி அலுவலகத்தில் நேரில் போய்ச் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"அக்கா, நான் கல்வி ஆபீஸ் வாசல்ல நிக்கறேன். சரிவுல பாதி ஏறினதும் நாற்காலி பின்னால சாயுது. ஆட்டோக்காரரு ஓடிவந்து புடிச்சாரு."

"முன்னால எதுக்குப் போன? பின்வாசல் பக்கத்தைப் பாக்கலையா?"

"அது தொறக்கவே மாட்டேங்குதுக்கா. ஏதோ எரர்னு இங்கிலீஷ்ல வருது. காலைலேர்ந்து தட்டிட்டிருக்கேன்."

அவள் பில்களைத் தள்ளிவைத்தாள். அந்தக் கட்டடத்துக்குப் போய் வெகு காலமாகிவிட்டது. சரக்கு லிஃப்ட் இருப்பது ஞாபகம் இருந்தது. எந்தச் சந்து, யார் சாவி என்பதெல்லாம் பக்கத்தில் எழுதியாயிற்று என்ற நிம்மதியில் மறந்துபோயிருந்தது.

கடைக் கணினியில் தன் புக்மார்க்கை அழுத்தினாள். அவளுக்கும் அதே பிழைப் பக்கம்தான் வந்தது. வெள்ளைத் திரை, மேலே கொட்டை எழுத்தில் ஒரு சொல், கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. முகவரிப் பட்டியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்ததை எல்லாம் அழித்து, தளத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டு எண்டரைத் தட்டினாள்.

திரை ஒரு நொடி வெளுத்தது. முகவரி தானாகவே மாறியது. அவள் அடித்த பெயர் போய் நகராட்சியின் பெயரில் வேறொரு முகவரி வந்து நின்றது. தளம் செத்துப்போகவில்லை, வீடு மாறியிருக்கிறது. தளத்தின் பாதி உரிமைக்காரி அவள். குடிபோன செய்தி அவளுக்குத்தான் தெரியவில்லை.

புதுத் தளம் பளபளவென்று இருந்தது. கல்வி அலுவலகத்தைத் தேடினாள். கிடைத்தது. பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி, பக்கத்தில் 'சக்கர நாற்காலி வசதி உண்டு'. அவ்வளவுதான். அவள் அளந்த அளவுகள் இல்லை. பின்வாசல் என்று தேடினாள், 'முடிவுகள் இல்லை' என்றது. பழைய பக்கத்தில் தான் எழுதியிருந்த ஒரு வரி நினைவிலிருந்தது. அதை மேற்கோள் குறிகளுக்குள் போட்டுத் தேடுபொறியில் தட்டினாள். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை.

படக்காரனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, துண்டித்தான். மறுபடி போட்டாள். 'மீட்டிங்ல இருக்கேன் அக்கா' என்று செய்தி வந்தது.

"அக்கா, உள்ள கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்களாம்" என்றாள் டீச்சர். அழுகையை அடக்கும் குரல்.

"இரு, போனை வைக்காத."

கடையின் பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் கணினிக்காரர் அந்நேரம் பிரிண்டரின் வாயிலிருந்து கசங்கிய தாளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தாளோடு ஓடிவந்தார். "பழைய முகவரியை அப்படியே காப்பி பண்ணுங்க மேடம். இணையத்துல இருக்கற பக்கங்களை அப்பப்ப நகலெடுத்து வெக்கற ஒரு காப்பகம் இருக்கு. அதிர்ஷ்டம் இருந்தா உங்க பக்கமும் மாட்டியிருக்கும்."

காப்பகத்தின் பெட்டியில் பழைய முகவரியை ஒட்டினாள். ஒரு நாட்காட்டி விரிந்தது. நகலெடுத்த தேதிகளில் எல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள். கடைசி வட்டங்களில் ஒன்றை அழுத்தினாள். அதே பிழைப் பக்கம்தான் நகலாகியிருந்தது. இன்னும் பின்னால் போய்ப் போன வருடத்து வட்டம் ஒன்றை அழுத்தினாள். மெதுவாக, படங்கள் பாதி இல்லாமல், அவளுடைய பக்கம் மேலேறி வந்தது. தொலைந்துபோன பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடித்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"இங்க பாரு. கட்டடத்தை ஒட்டி இடதுபக்கம் ஒரு சந்து போகும். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டினா இரும்பு கேட். அதுக்குள்ள சரக்கு லிஃப்ட். சாவி ஸ்டோர்ரூம் அம்மாகிட்ட இருக்கும். கதவைத் தட்டு, நான் சொன்னேன்னு சொல்லு."

போன் வழியாகவே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கேட் கிரீச்சிட்டது. "யாரும்மா அது, பின்வாசல் அக்கா அனுப்புச்ச ஆளா?" என்று ஒரு பெண் குரல். பிறகு லிஃப்ட் கதவு மூடி, இணைப்பு அறுந்தது. கடைசி ஆளாகச் சான்றிதழைக் காட்டிவிட்டதாக மதியம் டீச்சர் செய்தி அனுப்பினாள். கூடவே நாலைந்து பூக்கள்.

காரியம் முடிந்தது. அப்புறம்தான் அவளுக்கு வலிக்கத் தொடங்கியது.

கணினிக்காரர் விடவில்லை. துப்புத் துலக்குவதில் அவருக்கு ஒரு கிறுக்கு. அவளுடைய மற்ற பழைய புக்மார்க்குகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். வங்கிகள் பக்கம் புதுத் தளத்தின் வங்கிகள் பக்கத்துக்குத் தானாகப் போனது. ஆஸ்பத்திரிகள் பக்கமும் அப்படியே. தியேட்டர்கள் பக்கமும் அப்படியே.

"பாத்தீங்களா, எல்லாப் பக்கத்துக்கும் ஒழுங்கா வழி போட்டு வெச்சிருக்காங்க. பழைய முகவரிக்குப் போனா புது முகவரிக்குக் கொண்டுபோய் விட்டுடும். உங்க பக்கம் மட்டும்தான் நிக்குது."

"மறந்துட்டான் போலிருக்கு" என்றாள் அவள். குரலில் கெஞ்சல் இருந்தது. மறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

கணினிக்காரர் பிழைப் பக்கத்தை மறுபடி திறந்து, பிரௌசரில் எதையோ தட்டிப் பிழை எண்ணைக் காட்டினார். "மறந்திருந்தா நானூத்தி நாலு வந்திருக்கும் மேடம். 'தேடினேன், கிடைக்கலை'ன்னு அர்த்தம். இது நானூத்திப் பத்து. 'இருந்துச்சு, எடுத்தாச்சு'ன்னு அர்த்தம். இது தானா வராது. இந்த முகவரிக்கு இப்படிச் சொல்லுன்னு யாராவது உக்காந்து எழுதி வெக்கணும்."

அவள் காலையில் படிக்காமல் விட்ட வரிகளை இப்போது படித்தாள். இந்தப் பக்கம் இனி இங்கே இல்லை. மாற்று முகவரியும் கிடையாது. இதைச் சுட்டும் குறிப்புகளை எல்லாம் தயவுசெய்து நீக்கிவிடவும்.

தயவுசெய்து என்ற சொல்தான் அவளைச் சுட்டது. பழைய தளத்தின் கடவுச்சொல் உலகத்தில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் புதுத் தளத்தின் முகப்பை நிதானமாகப் பார்த்தாள். 'எல்லோருக்குமான நகரம்' என்ற எழுத்துக்குப் பின்னால் திரையின் அகலத்துக்கு ஒரு படம். அதில் அவள் இருந்தாள். கல்வி அலுவலகத்தின் அதே முன்பக்கச் சரிவில், நாற்காலியில், தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அளக்கப் போனபோது அந்தச் சரிவில் ஏறவே முடியவில்லை. பக்கத்துச் சிமெண்டுக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு சுமை ஆட்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். இவள் பயத்தில், பார்த்து, பார்த்து என்று கத்த, "மூட்டைன்னா வாயத் தொறக்காம வரும்கா" என்றான் ஒருவன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. படக்காரன் அந்த நொடியைப் பிடித்துவிட்டான். இப்போது படத்தில் அவர்கள் இல்லை. இரண்டு பக்கமும் அளவாக வெட்டியிருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் மட்டும் சிமெண்டு படிந்த நான்கு விரல்கள் மிச்சம் இருந்தன. தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் மாலை படக்காரனின் புது அலுவலகத்துக்குப் போனாள். மாடியில் இருந்தது, லிஃப்ட் இல்லை. எட்டுப் படி இருந்தாலே கட்டடத்தைத் திட்டித் தீர்க்கிற பயல் இப்போது அங்கேதான் தினமும் ஏறி இறங்குகிறான். கீழே நடைபாதையில் நின்றபடி போன் போட்டாள். அரைமனதோடு இறங்கி வந்தான். கழுத்தில் அடையாள அட்டை ஆடியது.

"எப்ப மாத்தின?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் அக்கா. வேலை தலைக்கு மேல."

"எல்லாப் பக்கத்துக்கும் வழி போட நேரம் இருந்துச்சு. எனக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்ல."

அவன் தரையைப் பார்த்தான். "நகராட்சி தளத்தை எடுத்துக்கறேன்னாங்க. பின்வாசல் பக்கம் இருந்தா வேணாம்னுட்டாங்க. அதைப் படிச்சா எங்க கட்டடம் எல்லாம் மோசம்னு தெரியுதாம், ஊருக்கு அசிங்கமாம். ஒரு பக்கத்தை விட்டா மத்ததெல்லாம் பொழைக்கும்னு பாத்தேன். உங்ககிட்ட கேட்டா வேணாம்னுடுவீங்க."

"அது தெரிஞ்சுதானே கேக்காம விட்ட."

அவனிடம் சப்பைக்கட்டுத்தான் இருந்தது. "முகப்புப் பக்கத்துக்கே திருப்பி விடுன்னுதான் சொன்னாங்க அக்கா. நான்தான் மாட்டேன்னேன். தேடி வர்றவங்க ஏமாந்துடக் கூடாதுல்ல. எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சுன்னு காட்டறதுதான் நேர்மைன்னு அந்த எண்ணைப் போட்டேன்."

கழுத்தை அறுத்துவிட்டுக் கத்தி சுத்தமானது என்று சொல்வதுபோல் இருந்தது. ஆனாலும் நேர்மை என்ற அந்த ஒரு சொல்லில் அவள் கொஞ்சம் இளகினாள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்து நின்ற பழைய தம்பி அதற்குள் எங்கோ ஒளிந்திருப்பதாக நினைத்தாள். எத்தனை கணக்குப் பார்த்தவள், இந்த ஒரு கூட்டலில் திரும்பத் திரும்பத் தப்பு செய்தாள்.

"அந்தப் படம்?"

"உங்க சிரிப்பு நல்லாயிருந்துச்சு அக்கா. அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு."

"தூக்கினவங்களை வெட்டிட்டே."

அவன் அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் செருகினான்.

"சரி, ஒண்ணு மட்டும் செய்" என்றாள். "காப்பகத்துலேர்ந்து எழுத்தை எல்லாம் எடுத்துட்டேன். என் பேர்லயே தனி முகவரியில அந்தப் பக்கத்தைப் போடறேன். உங்க நகராட்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் வேணாம். பழைய கடவுச்சொல் இப்ப எனக்கு வேலை செய்யல, அந்த முகவரி உன் கையில மட்டும்தான இருக்கு? அங்க வர்றவங்களை என் புது முகவரிக்குத் திருப்பி விடு. புக்மார்க் வெச்சிருக்கறவங்க யார் யாருன்னு எனக்குத் தெரியாது. வேற எப்படியும் அவங்களுக்குச் சொல்ல முடியாது."

"ஒரே வரிதானே அக்கா. போட்டுடறேன். சத்தியமா."

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து அவள் புதுப் பக்கத்தைக் கட்டினாள். கணினிக்காரர் உதவினார். ஒவ்வொரு காவலாளிக்கும் போன் போட்டு, சாவி இன்னும் அவரிடம்தானா என்று கேட்டு எழுதினாள். படங்கள் தன் பழைய போனில் இருந்தன. கல்வி அலுவலகப் படமும் இருந்தது, முழுசாக. பக்கம் தயாரானதும் முகவரியைப் படக்காரனுக்கு அனுப்பினாள். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. அத்தோடு நிம்மதியாகப் படுத்தாள். சரிபார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தையல்காரரிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, பென்ஷன் விஷயமா கல்வி ஆபீஸுக்குப் பக்கத்து ஆபீஸுக்குப் போகணும். அதுவும் அதே கட்டடத்துக்குள்ளதான் இருக்காம். பின்வாசல் பக்கத்தைத் தட்டினேன். நான் பாத்தது சரிதானான்னு கேக்கலாம்னு போட்டேன்."

"சரியா வருதா ஐயா? புதுப் பக்கத்துக்குப் போச்சா?"

"போச்சும்மா. முன்னெல்லாம் ஏதோ எரர் வந்துட்டிருந்துச்சு. இப்ப தட்டினதும் கலரா வருது. உன் போட்டோதான் பெரிசா இருக்கு."

போனைக் காதில் வைத்தபடியே அவள் கணினியில் பழைய புக்மார்க்கை அழுத்தினாள். நானூற்றுப் பத்து இல்லை. முகவரி மாறி, நகராட்சித் தளத்தின் முகப்பு விரிந்தது. 'எல்லோருக்குமான நகரம்.' சரிவின் நடுவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னபடி ஒரே வரிதான் போட்டிருந்தான்.

'சாரி அக்கா, எரர் பக்கமே இருக்கக் கூடாதுன்னுட்டாங்க, முகப்புக்கே திருப்பச் சொல்லிட்டாங்க' என்று முந்தின நாள் அவன் அனுப்பிய செய்தி, கடையின் சரக்குப் பட்டியல்களுக்கு அடியில் படிக்கப்படாமல் கிடந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. தன் முகத்தைக் கழற்றி இன்னொருவன் வாசலில் மாட்டிவிட்டதுபோல் வெட்கமாக இருந்தது.

"உள்ளதைக் கேக்கறேம்மா" என்றார் தையல்காரர். "நீயே தனியா, சிரிச்சுட்டே ஏறியிருக்கியே. ரெண்டு கையும் நல்லா இருக்கற எனக்கு என்ன? நானும் முன்வாசல் வழியாவே போயிடட்டா?"

"நான் ஏறலை ஐயா. தூக்கிட்டுப் போனாங்க."

"யாரு? ஒருத்தரும் இல்லையே."

"இருந்தாங்க. வெட்டிட்டாங்க. கைப்பிடியைப் பாருங்க, நாலு விரல் தெரியும்."

அந்தப் பக்கம் கண்ணாடியைத் தேடி மாட்டும் சத்தம் கேட்டது. "ஆமாம்மா" என்றார் பிறகு, மெல்ல. "யாரோ பாவம், பலமாத்தான் புடிச்சிருக்காங்க."

"அந்தப் புக்மார்க்கை அழிச்சிடுங்க. பேனாவும் தாளும் எடுங்க. புது முகவரி சொல்றேன்."

"இரும்மா, சாக்குக்கட்டிதான் கைல இருக்கு. துணிமேலயே எழுதிக்கறேன். ஒவ்வொரு எழுத்தா சொல்லு."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.